சுறா எப்போது அடங்கும்?

ஏட்ரியாட்டிக் கடலோரம் ஃபியூமே என்றொரு துறைமுகம். இன்று அது குரோவேஷியாவில் இருக்கிறது, பெயரும் ரியேக்கா என்று மாறிவிட்டது. அங்கே மீன் சந்தைக்கு வந்த சரக்கில் சுறா, திருக்கை வகைகள் நூற்றுக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் கணக்கு இருந்தது. 1914-இல் 11.9. மறு ஆண்டே 21.4. போர் முடிந்த 1918-இல் 36.4. பிறகு இறங்கத் தொடங்கி 1923-இல் 10.7-க்கு வந்து நின்றது.

இந்தக் கணக்கைக் கையில் எடுத்தவர் உம்பெர்ட்டோ டாங்கோனா என்ற இத்தாலியக் கடல் உயிரியலாளர். போர்க்காலத்தில் மீன்பிடி குறைந்தது. குறைந்தால் எல்லா மீனும் பெருகத்தானே வேண்டும், மற்ற மீனைத் தின்னும் சுறாவின் பங்கு மட்டும் ஏன் மூன்று மடங்கானது? கேள்வியை அவர் கொண்டுபோனது ரோமில் இருந்த கணிதப் பேராசிரியர் வீட்டோ வோல்ட்டெராவிடம். மாமனாரிடம்தான் கேட்டார் என்றும் சொல்லலாம். வோல்ட்டெராவின் மகள் லூயிசாவை மணந்தவர் டாங்கோனா. 1926-இல் வோல்ட்டெரா தன் விடையை வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா தனியாக அதே சமன்பாடுகளைத் தன் புத்தகத்தில் எழுதியிருந்தார் என்பதால் இன்று இருவர் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது.

சமன்பாடுகள் எளியவை. சிறுமீனின் அளவு x, சுறாவின் அளவு y. சுறா இல்லாவிட்டால் மீன் தன் அளவுக்கேற்பப் பெருகும். சுறாவும் மீனும் சந்திக்கும்போதெல்லாம் மீன் குறையும். மீன் இல்லாவிட்டால் சுறா பட்டினியால் குறையும். சந்திப்பு நடந்தால் கூடும். சந்திப்புகளின் எண்ணிக்கை இரண்டின் பெருக்கற்பலனுக்கு ஏற்ப இருக்கும். அளவுகோல்களை நமக்கு வசதியாக வைத்துக்கொண்டு எல்லா எண்களையும் ஒன்றாக்கிவிட்டால் இவ்வளவுதான்:

x' = x(1 − y)
y' = y(x − 1)

மேலே உள்ள கோடு, அந்த அளவு மாறும் வேகத்தைக் குறிக்கிறது. இரண்டு வேகமும் பூச்சியமாகும் இடம் சமநிலைப் புள்ளி. இங்கே அப்படி இரண்டு இடங்கள். ஒன்று, மீனும் இல்லை சுறாவும் இல்லை: (0, 0). மற்றொன்று (1, 1). அந்த அளவில் மீன் பெருகுவதும் தின்னப்படுவதும் சரியாக ஈடாகிவிடும்.

டாங்கோனாவின் கேள்விக்கு விடை இந்த இரண்டாவது புள்ளியில் இருக்கிறது. வலை போடுகிறவர்கள் மீனிலும் சுறாவிலும் ஒரே விகிதத்தில், e அளவு, அள்ளுகிறார்கள் என்று சேர்த்துக்கொண்டால் புள்ளி (1 + e, 1 − e) ஆக நகர்கிறது. e என்பது 0.2 என்றால் மீன் 1.2, சுறா 0.8. அதாவது மிதமாக மீன் பிடித்தால் சராசரியில் சிறுமீன் கூடுகிறது, சுறா குறைகிறது. போர் வந்து வலை ஓய்ந்தால் புள்ளி திரும்ப (1, 1)-க்கு வரும். சுறா கூடும், சிறுமீன் குறையும். சந்தைக் கணக்கு காட்டியதும் அதைத்தான்.

ஆனால் புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரிவது பாதிக் கதை. கடல் ஒருநாளும் சரியாக அந்தப் புள்ளியில் உட்கார்ந்திருக்காது. ஒரு புயல், ஒரு நல்ல பருவம், எதுவோ ஒன்று அதைக் கொஞ்சம் தள்ளிவிடும். தள்ளினால் திரும்பி வருமா? வந்தால் நேரே வருமா, சுற்றிச் சுற்றி வருமா? இல்லை, போனது போனதுதானா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்பவை ஐகன் மதிப்புகள் என்ற இரண்டு எண்கள். இரண்டு அளவுகள் உள்ள எந்தக் கணக்குக்கும் இரண்டே எண்கள்.

வகைப்படுத்தியவர் பிரான்சின் ஆன்றி புவான்கரே, 1880-களில். ஒரு வகைக்கு அவர் இட்ட பிரெஞ்சுப் பெயருக்கு மலைக் கணவாய் என்று பொருள். கணவாயில் நிற்பவனுக்கு இரண்டு பக்கம் மலை ஏற்றம், இரண்டு பக்கம் பள்ளத்து இறக்கம். தமிழில் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் மீன் கணக்கில் போய் கணவாய் என்று எழுதினால் வாசகர் தட்டில் வறுவலைத் தேடுவார். ஆங்கில வழக்கைப் பின்பற்றிச் சேணம் என்றே சொல்கிறேன். குதிரைச் சேணமும் அதே வடிவம்தான்.

(0, 0) அப்படியொரு சேணம். கடலில் மீனே இல்லை, கொஞ்சம் சுறா மட்டும் இருக்கிறது என்றால் அது பட்டினியில் குறைந்து பூச்சியத்தை நோக்கி வரும். சுறா இல்லை, கொஞ்சம் மீன் மட்டும் என்றால் அது பெருகிப் பூச்சியத்தை விட்டு விலகும். ஒரு திசையில் உள்ளே, ஒரு திசையில் வெளியே. இந்த இரண்டு வேகங்கள்தான் அந்தப் புள்ளியின் ஐகன் மதிப்புகள்: +1, −1. கூட்டல் குறி இருந்தால் விலகல், கழித்தல் குறி இருந்தால் நெருங்கல். குறிகள் இரண்டும் மாறுபட்டால் சேணம். சேணத்தின் குணம் ஏமாற்றுவது. உள்ளே வரும் திசையில் இம்மி பிசகாமல் வந்தால்தான் புள்ளியை அடையலாம். கொஞ்சம் விலகினாலும் முதலில் கிட்டே வருவதுபோல வந்து பிறகு வெளியே ஓடிவிடும்.

(1, 1)-ஐப் பிறகு பார்ப்போம், அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதற்கு முன் வோல்ட்டெராவின் கடலில் ஒரு குறையைச் சரிசெய்ய வேண்டும். சுறா இல்லாவிட்டால் அவருடைய மீன் எல்லையில்லாமல் பெருகிக்கொண்டே போகும். எந்தக் கடலும் அப்படி இடம் கொடுக்காது. இரை தீரும், இடம் தீரும். ஆகவே கடல் தாங்கக்கூடிய மீனின் உச்ச அளவை K என்று வைத்து ஓர் உறுப்பைச் சேர்ப்போம்:

x' = x(1 − x/K − y)
y' = y(x − 1)

K = 5 என்று எடுத்துக்கொள்கிறேன். மீனும் சுறாவும் சேர்ந்து வாழும் சமநிலை இப்போது (1, 0.8). சரிபார்ப்பது எளிது: 1 − 1/5 − 0.8 பூச்சியம், 1 − 1 பூச்சியம்.

இந்தப் புள்ளியில் கடலைக் கொஞ்சம் சீண்டிப் பார்ப்போம். சுறாவைத் தொடாமல் மீனை மட்டும் 0.1 கூட்டி 1.1 ஆக்கினால், மீனின் வேகம் 1.1 × (1 − 0.22 − 0.8), அதாவது −0.022. சுறாவின் வேகம் 0.8 × 0.1 = 0.08. நாம் தள்ளியது 0.1, அதற்கு மீன் −0.022 என்றும், சுறா 0.08 என்றும் பதில் சொல்கின்றன. தள்ளல் சிறிதாகச் சிறிதாக முதல் பதில், தள்ளியதைப் போல −0.2 மடங்கை நெருங்கும், இரண்டாவது 0.8 மடங்கு. இனி மீனை விட்டுவிட்டுச் சுறாவை 0.1 கூட்டுவோம். மீனின் வேகம் 1 × (1 − 0.2 − 0.9) = −0.1, அதாவது −1 மடங்கு. சுறாவின் வேகம் பூச்சியம், ஏனென்றால் மீன் 1-ஆகவே இருக்கிறது, சுறாவுக்கு வேண்டிய சாப்பாடு சரியாகக் கிடைக்கிறது.

நான்கு கேள்வி, நான்கு பதில். மேல் வரிசையில் மீனின் பதில்கள், கீழ் வரிசையில் சுறாவின் பதில்கள் என்று அடுக்கினால் இரண்டுக்கு இரண்டு அணி வந்துவிடும்:

```
-0.2   -1
 0.8    0
```

பகுதி வகைக்கெழு தெரிந்தவர்கள் இதே நான்கு எண்களைச் சமன்பாட்டிலிருந்து நேரே எடுத்துவிடுவார்கள். தெரியாதவர்களுக்கும் நஷ்டமில்லை, மேலே செய்த சீண்டல்தான் அதன் பொருள்.

இந்த அணி ஓர் இயந்திரம் மாதிரி. விலகல் என்ற அம்பை உள்ளே விட்டால், அது எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக நகரும் என்ற வேறோர் அம்பை வெளியே தரும். பொதுவாக வெளியே வரும் அம்பு உள்ளே போனதிலிருந்து திரும்பியிருக்கும். ஆனால் சில சிறப்பான திசைகளில் திரும்பாமல், நீட்டியோ சுருக்கியோ தலைகீழாக்கியோ அதே கோட்டில் தரும். அந்த நீட்டலின் அளவுதான் ஐகன் மதிப்பு. ‘ஐகன்’ என்ற ஜெர்மன் சொல்லுக்குச் சொந்தமான, தனக்கேயுரிய என்று பொருள்; அணிக்குச் சொந்தமான திசை, அந்தத் திசைக்குச் சொந்தமான எண். அந்தத் திசையில் போகிறவன் வளைய வேண்டியதில்லை. எண் கழித்தலில் இருந்தால் புள்ளிக்கு நேரே வருவான், கூட்டலில் இருந்தால் நேரே விலகிப் போவான்.

எண்ணைக் கண்டுபிடிக்க ஓர் இருபடிச் சமன்பாடு போதும். அதற்கு வேண்டியவை இரண்டு அளவுகள். மூலைவிட்டத்தில் உள்ள இரண்டு எண்களின் கூடுதல், T. இங்கே −0.2 + 0 = −0.2. அணிக்கோவை, D. இங்கே (−0.2 × 0) − (−1 × 0.8) = 0.8. சமன்பாடு λ² − Tλ + D = 0. நம் கடலுக்கு:

λ² + 0.2λ + 0.8 = 0

பள்ளிக்கூடத்தில் b² − 4ac என்று படித்தது நினைவிருக்கும். தமிழ்ப் பாடநூல் அதற்குத் தன்மைகாட்டி என்று பெயர் வைத்திருக்கிறது. மூலங்களின் தன்மையைக் காட்டுவதால் வைத்த பெயர், ஆனால் இங்கே அது கடலின் தன்மையையும் காட்டிவிடுகிறது. 0.04 − 3.2 = −3.16. கழித்தல் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும் என்பதால் மூலங்கள் கலப்பெண்கள்: −0.1 ± 0.889i.

இந்த இடத்தில் வகுப்பில் ஒருவர் கை தூக்காமல் இருந்ததில்லை. ஒருமுறை ஒரு மாணவி நேராகவே கேட்டாள்: “மீன் எப்படி சார் கற்பனை எண்ணாகும்?”

மீன் ஆகவில்லை அம்மா. திசைதான் காணாமல் போயிருக்கிறது. திரும்பாத திசை ஏதாவது இருக்கிறதா என்று சமன்பாட்டிடம் கேட்டோம். மெய்யெண் எதுவும் விடையாக வரவில்லை என்றால், இந்தத் தளத்தில் அப்படி ஒரு திசைகூட இல்லை என்று அது சொல்கிறது. எந்தப் பக்கம் தள்ளினாலும் அணி அம்பைத் திருப்பியே அனுப்பும். எல்லாத் திசையிலும் திருப்பம் இருந்தால் பாதை சுற்றியே தீர வேண்டும். கலப்பெண் வந்தால் சுருள் என்று மனப்பாடம் செய்வதைவிட இப்படிப் புரிந்துகொள்வது நல்லது என்பது என் கட்சி.

அந்தக் கலப்பெண்ணின் இரண்டு பகுதிகளும் தனித்தனி வேலை செய்கின்றன. i இல்லாத பகுதியான −0.1, விலகல் சுருங்கும் வேகம். i உடன் வரும் 0.889, சுற்றும் வேகம். ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் காலம் 2π-ஐ 0.889-ஆல் வகுத்தால் 7.07. அந்த நேரத்துக்குள் விலகல் e-யின் −0.707 அடுக்கு மடங்காகும், அதாவது ஏறக்குறைய 0.49. ஆக ஒவ்வொரு சுற்றிலும் விலகல் சுமாராகப் பாதியாகிறது. மீன் 10 சதவீதம் அதிகமாக இருந்து தொடங்கினால், அடுத்த முறை மீன் உச்சத்துக்கு வரும்போது 5 சதவீதம், அதற்கடுத்து இரண்டரை. இதுதான் நிலையான சுருள். சுற்றும் திசையும் நம் சீண்டலிலேயே தெரிந்துவிட்டது: மீன் அதிகமாக இருந்தபோது சுறா ஏறியது, மீன் லேசாக இறங்கியது. முதலில் மீன் உச்சம், அதற்குப் பின்னால் சுறா உச்சம். சாப்பாடு வந்து கொஞ்ச காலம் கழித்துத்தான் கூட்டம் சேர்கிறது.

i இல்லாத பகுதி கூட்டல் எண்ணாக இருந்திருந்தால் அதே சுற்று வெளிப்பக்கமாகப் போகும். அது நிலையற்ற சுருள். எந்த வகை சுருளானாலும் உள்ளே, வெளியே என்பதைத் தீர்மானிப்பது T-யின் குறி மட்டும். மெய்ப்பகுதி எப்போதும் T-யில் பாதி.

இதே கடலில் இன்னொரு சமநிலையும் இருக்கிறது: (5, 0). கடல் நிறைய மீன், சுறாவே இல்லை. அங்கே சீண்டிப் பார்த்தால் வரும் அணி:

```
-1   -5
 0    4
```

T பார்க்கவே தேவையில்லை. D = −4. அணிக்கோவை கழித்தல் எண்ணானால் அங்கேயே நிறுத்திவிடலாம்: இரண்டு மூலங்களின் பெருக்கற்பலன் கழித்தல், ஆகவே ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல், ஆகவே சேணம். எண்கள் −1, 4. முதலாவதன் திசை மீனின் அச்சு: சுறா இல்லாதவரை மீன் கூடினாலும் குறைந்தாலும் தானே 5-க்குத் திரும்பும். இரண்டாவதன் திசை, சுறா ஒரு பங்கு ஏறினால் மீன் ஒரு பங்கு இறங்கும் சாய்கோடு. மீனை மட்டும் பார்த்து இந்தக் கடல் அமைதியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். ஒரு ஜோடி சுறா உள்ளே வரட்டும். 4 என்ற வேகத்தில் கதை மாறும். மீன் சரிந்து, சுறா ஏறி, பாதை போய்ச் சேர்வது அந்த (1, 0.8) சுருளில்.

இப்போது K-ஐக் குறைப்போம். இரை குறைந்த, வறண்ட கடல். K = 1.2. சேர்ந்து வாழும் புள்ளியில் மீன் 1, சுறா ஆறில் ஒரு பங்கு. T = −5/6, D = 1/6. தன்மைகாட்டி 25/36 − 24/36 = 1/36. கூட்டல் எண்! மூலங்கள் மெய்யெண்கள்: −1/3, −1/2. இரண்டும் கழித்தல், i கிடையாது. விலகல் சுற்றாமல் அடங்கிவிடும். இதற்குப் பெயர் கணு, நிலையான கணு. சுறா கொஞ்சமே இருக்கிறது, மீன் தன் உச்சத்துக்குப் பக்கத்திலேயே நெருக்கடியில் இருக்கிறது. ஆடுவதற்கு இருவருக்கும் தெம்பில்லை. சுருளுக்கும் கணுவுக்கும் நடுவே உள்ள எல்லை, தன்மைகாட்டி பூச்சியமாகும் இடம், K ஏறக்குறைய 1.207. அதைத் தாண்டினால் ஊசல் தொடங்கும்.

K-ஐ 1-க்கும் கீழே இறக்கினால் சுறாவுக்கு வாழ்வே இல்லை. K = 0.8 என்றால் (0.8, 0) புள்ளியின் மதிப்புகள் −1, −0.2. சேணமாக இருந்தது நிலையான கணுவாகிவிட்டது. முன்பு 4 இருந்த இடத்தில் இப்போது −0.2; வெளியிலிருந்து எத்தனை சுறா வந்தாலும் காலப்போக்கில் அழியும்.

இனி அந்த வில்லங்கம். வோல்ட்டெராவின் பழைய கடல், எல்லையில்லாத K. (1, 1)-இல் சீண்டினால் T = 0, D = 1. மூலங்கள் ±i. சுற்றும் வேகம் இருக்கிறது, சுருங்கும் வேகம் பூச்சியம். உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் ஒரே வளையத்தில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு மையம் என்று பெயர். பாடநூல்கள் பல இத்தோடு நிறுத்திவிடும்.

நிறுத்தக் கூடாது. நாம் சீண்டியபோது 0.022-ஐ 0.02 என்று எடுத்துக்கொண்டோம் அல்லவா? அந்த 0.002-ஐ வீசிவிட்டோம். சுருங்கும் வேகம் −0.1 என்று திடமாக இருக்கும்போது அந்தத் தூசு எதையும் மாற்றாது. புள்ளிக்குப் போதுமான அளவு கிட்டே வந்துவிட்டால் சுருள் சுருள்தான், சேணம் சேணம்தான். 1959, 1960 ஆண்டுகளில் குரோப்மான், ஹார்ட்மேன் இருவரும் தனித்தனியே நிறுவியது இதையொட்டிய தேற்றம்; அதில் உள்ள ஒரே நிபந்தனை, எந்த ஐகன் மதிப்புக்கும் மெய்ப்பகுதி பூச்சியமாக இருக்கக் கூடாது என்பது. பூச்சியமாக இருந்தால் தராசின் இரண்டு தட்டும் காலி. வீசிய தூசுதான் தீர்ப்பைச் சொல்லும்.

x' = −y − x³, y' = x என்ற கணக்கை எடுங்கள். பூச்சியத்தில் அதன் ஐகன் மதிப்புகளும் ±i. ஆனால் பாதை உள்ளே சுருண்டு வரும். x³-க்கு முன்னால் உள்ள குறியை மாற்றினால் வெளியே போகும். அணி இரண்டுக்கும் ஒன்றே. அதனால் அணிக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. வோல்ட்டெராவின் கடலில் வளையங்கள் உண்மையிலேயே மூடுகின்றன, ஆனால் அதற்குச் சான்று ஐகன் மதிப்பு இல்லை. பாதை முழுக்க x − ln x + y − ln y என்ற கோவை மாறாமல் இருப்பதைக் காட்டி அதைத் தனியாக நிறுவ வேண்டும். அதோடு, K-ஐ 5, 500, 50,000 என்று எவ்வளவு பெரிதாக வைத்தாலும் மெய்ப்பகுதி −1/(2K) பூச்சியம் ஆவதில்லை. சுருள் மெதுவாக அடங்கும், ஆனால் அடங்கும். வோல்ட்டெராவின் அழகான மூடிய வளையங்கள் K முடிவிலியாக இருக்கும் அந்த ஒரே இடத்தில் மட்டும் வாழ்கின்றன. இந்தக் காரணத்தால் அந்த மாதிரியை இயற்கையின் படம் என்று நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

இந்தத் தூசு கணினியிலும் காலை வாரிவிடும். அதற்கு நானே சாட்சி. முதன்முதலில் வோல்ட்டெராவின் கடலைக் கணினியில் ஓட்டியபோது எழுதியது இதுதான்:

```
x, y, h = 1.2, 1.0, 0.1
for n in range(630):
    x, y = x + h*x*(1-y), y + h*y*(x-1)
```

இப்போதுள்ள வேகத்தில் h நேரம் போனால் எங்கே இருப்போம் என்று கூட்டிக்கொண்டே போகும் ஆய்லரின் முறை. படம் வெளிப்பக்கமாக விரியும் அழகான சுருளாக வந்தது. சுறாக்கள் வெறிபிடித்து ஊசலாடுகின்றன என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். வளையத்தில் ஓடுகிறவன் ஒவ்வொரு அடியையும் தொடுகோட்டில் நேராக வைத்தால், அடிக்கு அடி வளையத்துக்குக் கொஞ்சம் வெளியே போய்த்தானே நிற்பான்? கணக்கில் சொன்னால் ஒவ்வொரு படியும் விலகலை √(1 + h²) மடங்காக்குகிறது. h = 0.1 என்றால் அது 1.005 தான். ஆனால் ஒரு சுற்றுக்கு 63 படி. சுற்று முடியும்போது விலகல் சுமார் 37 சதவீதம் பெருத்திருக்கும். h-ஐ 0.01 ஆக்கினால் பெருக்கம் 3 சதவீதமாக இறங்கும். நிஜமான சுருளாக இருந்தால் படியின் நீளத்தை மாற்றினால் அது இப்படி மாறாது. படியைப் பாதியாக்கு, படம் மாறினால் கோளாறு கடலில் இல்லை உன்னிடம் என்று இப்போது மாணவர்களிடம் சொல்கிறேன்.

நிலையான சுருளும் தப்பாது. K = 5 கடலில் மதிப்புகள் −0.1 ± 0.889i, மெய்ப்பகுதியின் அளவை இரட்டித்து, D-யான 0.8-ஆல் வகுத்தால் 0.25. h அதைத் தாண்டினால், உள்ளே சுருள வேண்டிய பாதையை ஆய்லர் முறை வெளியே சுருட்டிக் காட்டும். ஐகன் மதிப்பை முதலில் கையால் போட்டுவிட்டு அப்புறம் கணினியைத் திறந்தால் இந்த அசட்டுத்தனம் நேராது.

சரி, ஃபியூமே சந்தையின் கடலில் இருந்தது சுருளா, மையமா? 1914 முதல் 1923 வரை பத்தே எண்கள், ஒரே ஓர் ஏற்றம், ஒரே ஓர் இறக்கம். இரண்டாவது உச்சம் முதல் உச்சத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் சுருங்குகிறதா என்று தெரியும். அந்த இரண்டாவது உச்சம் கணக்கில் இல்லை. அதுவும் போக, அந்த 36.4 என்பது சந்தைக்கு வந்த கூடைகளில் சுறாவின் பங்கு, கடலில் இருந்த பங்கு அல்ல. போர்க்காலத்தில் எந்தப் படகு எந்தப் பக்கம் போனது, எந்த வலை போட்டது என்பதும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறது.